பெரியப்பாவின் பாலிசியும் எட்டாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாயும்

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம் பாளையங்கோட்டையிலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். குரலில் பதற்றமும் சந்தோஷமும் கலந்திருந்தன. "எய்யா, பெரியப்பா போட்ட பழைய பாலிசியில மூணு லட்சத்து எம்பத்தி நாலாயிரம் வந்திருக்காம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எட்டாயிரத்து எண்ணூத்தம்பது கட்டணுமாம். நீ ஒரு எட்டு வந்து கட்டிக் குடுத்துட்டுப் போயேன்."

நான் பொதுக் காப்பீட்டு முகவர். வண்டி, கடை, மருத்துவக் காப்பீடு என்று இருபது வருடமாக இதே பிழைப்பு. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார். கூப்பிடாமல் பக்கத்து வீட்டுப் பையனிடம் போனைக் கொடுத்திருந்தால் பணம் போயிருக்கும். அரை மணி நேரத்தில் அங்கே இருந்தேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு வந்திருந்தது. திறந்தால் ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம். சின்னம், நிறம், எழுத்துரு எல்லாம் அச்சு அசல். நடுவில் பெரியப்பாவின் பெயர், பாலிசி எண், பிறந்த தேதி, வாரிசாகப் பெரியம்மாவின் பெயர். "பாலிசி நிலை: நடப்பில் உள்ளது" என்று பச்சை எழுத்து. கீழே "கோப்புக் கட்டணம் 7,500, ஜிஎஸ்டி 18 சதவீதம் 1,350, மொத்தம் 8,850". அதற்கும் கீழே நிறுவனத்தின் பதிவு எண், திட்டத்தின் எண், பதிவு அலுவலக முகவரி, இலவசத் தொலைபேசி எண். போதாக்குறைக்கு "மோசடி அழைப்புகளை நம்பாதீர்கள்" என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லும் எச்சரிக்கையைக்கூட அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

"பேரு, நம்பர் எல்லாம் சரியாத்தான இருக்கு?" என்றார் பெரியம்மா.

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். நம்முடைய விவரம் ஒருவரிடம் இருக்கிறது என்பதால் அவர் அந்த நிறுவனத்தின் ஆள் என்று ஆகிவிடாது. பாலிசி எண்ணும் பிறந்த தேதியும் வாரிசு பெயரும் எத்தனையோ கைகள் மாறியிருக்கும். பழைய விண்ணப்பப் படிவம், ஜெராக்ஸ் கடை, கசிந்த பட்டியல் என்று வெளியே போக வழி நிறைய. ஆகவே பக்கத்தில் இருக்கும் எதையும் வைத்து அந்தப் பக்கத்தைச் சரிபார்க்க முடியாது. சின்னம், பதிவு எண், எச்சரிக்கை, இலவச எண் எல்லாமே அதைச் செய்தவன் ஒட்டியவை. அந்த இலவச எண்ணைக் கூப்பிட்டால் அவனுடைய கூட்டாளியே எடுத்து "ஆமாம் மேடம், உண்மைதான்" என்பான். வெளியிலிருந்து தொடங்கி அந்த நிறுவனத்தின் வாசலுக்கு நாமே நடந்து போக வேண்டும்.

வெளியே என்றால் எங்கே? இந்தியாவில் காப்பீடு விற்க உரிமம் தருவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற ஒழுங்குமுறை ஆணையம். அதன் தளம் irdai.gov.in. ஆயுள், பொது, மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியல் அதில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர், பதிவு எண், இணைய முகவரி எல்லாம் கிடைக்கும். அந்த முகவரியைக் கையால் தட்டித் திறக்க வேண்டும். கூகுளில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் மேலே முதலில் வருவது பல நேரம் விளம்பரம்தான். அந்த இடத்தைக் காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி ஏமாந்தவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே இருக்கிறார்கள்.

முகவரியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. பொதுத்துறையின் நான்கு பொதுக் காப்பீட்டு நிறுவனங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நியூ இந்தியாவுக்கு newindia.co.in. யுனைடெட் இந்தியாவுக்கு uiic.co.in. ஓரியண்டலுக்கு orientalinsurance.org.in. நேஷனலுக்கு nationalinsurance.nic.co.in. நான்குக்கும் ஒரே அரசுதான் முதலாளி, ஆனால் நான்கும் நான்கு மாதிரி. இதில் நேஷனலின் முகவரியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும், ஆனால் அது உண்மையானது. போலிக்காரன் வைக்கும் முகவரிதான் பார்க்க ஒழுங்காக, நிறுவனத்தின் முழுப் பெயரோடு இருக்கும். அதனால் பட்டியலில் இருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஒப்பிடும்போது எந்தப் பகுதியைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்லிக் காட்டுவதற்காகப் பயன்படுத்தும் கற்பனை முகவரி ஒன்று:

```
https://uiic.co.in.renewal-pay.example/policy/view
```

இதைப் பார்த்ததும் கண் uiic.co.in என்பதில் நின்றுவிடும். ஆனால் முகவரியின் சொந்தக்காரர் பெயர், இரட்டைச் சாய்கோட்டுக்கு அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், வலது கோடியில் இருக்கும். இங்கே அது renewal-pay.example. இடது பக்கம் இருப்பதெல்லாம் அந்தச் சொந்தக்காரர் தன் விருப்பத்துக்கு எழுதிக்கொண்டது. போனில் இன்னொரு சிக்கல், முகவரிப் பட்டை சின்னது, பாதிதான் தெரியும். அதன்மேல் விரலால் தொட்டு முழு முகவரியையும் இழுத்துப் பார்க்க வேண்டும். பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்றால், நமக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. பெரியம்மாவுக்கு வந்த பக்கத்திலும் பூட்டு இருந்தது.

அவருக்கு வந்த இணைப்பைத் தொட்டு நீட்டிப் பார்த்தோம். நிறுவனத்தின் பெயர், ஒரு கோடு, "போனஸ்" என்ற ஆங்கிலச் சொல், இன்னொரு கோடு, "கிளைம்". ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பட்டியலில் அந்த நிறுவனத்துக்கு இருந்த முகவரியில் கோடே இல்லை.

என் அளவில் விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. பெரியம்மாவுக்கு முடியவில்லை. கணவர் விட்டுப்போன பணம் என்ற நினைப்பு மனதுக்குள் விழுந்துவிட்டது. முகவரியில் கோடு இருக்கிறது என்று சொல்லி அதை எடுத்துவிட முடியாது. அதனால் பக்கத்தில் சொல்லியிருந்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தோம்.

முதலில் திட்டத்தின் எண். விற்கும் ஒவ்வொரு காப்பீட்டுத் திட்டத்துக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தரும் தனி அடையாள எண் உண்டு, பத்திரத்தில் UIN என்று அச்சிட்டிருக்கும். ஆயுள் காப்பீட்டில் அதன் முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் பதிவு எண்ணேதான். எல்ஐசியின் பதிவு எண் 512. அதனால் அதன் நியூ ஜீவன் ஆனந்த் திட்டத்தின் எண் 512N279 என்று தொடங்கும். நடுவில் வரும் N என்றால் பங்குச்சந்தையோடு இணைக்காத திட்டம், L என்றால் இணைத்தது. கடைசியில் V என்ற எழுத்தோடு வருவது எத்தனையாவது திருத்தம் என்பது. இந்தப் பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் சின்னம் இருந்தது, UIN தொடங்கிய மூன்று இலக்கமோ வேறொரு நிறுவனத்தின் பதிவு எண். எங்கிருந்தோ வெட்டி ஒட்டும்போது கவனிக்காமல் விட்டிருக்கிறான். ஆனால் இதை வைத்து ஒன்றை மட்டும்தான் சொல்ல முடியும்: எண் பொருந்தவில்லை என்றால் போலி. பொருந்தினால் அசல் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கவனமான திருடன் சரியான எண்ணையே நகலெடுத்துவிடுவான்.

அடுத்தது அந்தப் பாலிசியே. பெரியம்மா பீரோவின் அடித்தட்டிலிருந்து மஞ்சள் பை ஒன்றை எடுத்து வந்தார். ஜவுளிக்கடைப் பை, கைப்பிடி நைந்து போயிருந்தது. உள்ளே ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, அவற்றுக்கு அடியில் ரப்பர் பேண்ட் போட்ட பிரீமியம் ரசீதுகள். ரப்பர் இற்றுப்போய் காகிதத்தோடு ஒட்டியிருந்தது. பிரித்து எண்ணினோம். அரையாண்டுத் தவணை, 2009இல் தொடங்கி மொத்தம் நான்கு ரசீது. அதாவது இரண்டு வருடம் கட்டியிருக்கிறார், பிறகு நிறுத்திவிட்டார். பத்திரத்தின் நிபந்தனைப் பக்கத்தில் தெளிவாகவே போட்டிருந்தது: மூன்று முழு வருடப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் பாலிசிக்குச் சரண்டர் மதிப்பு, அதாவது பாதியில் விட்டால் திரும்பக் கிடைக்கும் தொகை, உண்டு. அந்தக் காலத்துப் பாலிசிகளுக்குப் பொதுவான விதி அது. இரண்டு வருடத்தோடு நின்ற பாலிசி காலாவதியாகி அப்படியே போய்விட்டது. பெரியப்பா 2019இல் இறந்தபோது அதில் கிடைக்க எதுவும் இருந்திருக்காது. "நடப்பில் உள்ளது" என்ற பச்சை எழுத்தை அந்த நான்கு ரசீதுகளே பொய்யாக்கின.

பெரியம்மா ரசீதுகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டே கேட்டார், "அப்ப நெசமாவே எங்கயாவது காசு கிடந்தா எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. உரிமை கோராத தொகைகளைத் தேட ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தன் தளத்தில் வசதி வைத்திருக்க வேண்டும். 1,000 ரூபாயும் அதற்கு மேலும் கிடக்கும் தொகைகள் அதில் வரும். பெயர், பிறந்த தேதி, பாலிசி எண் போன்றவற்றைக் கொடுத்துத் தேடலாம், கட்டணம் கிடையாது. பத்து வருடத்துக்கு மேல் யாரும் கேட்காத பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். போன பிறகும் உரியவர் கேட்டு வாங்க வழி இருக்கிறது. கையால் தட்டித் திறந்த அசல் தளத்தில் பெரியப்பாவின் விவரங்களைப் போட்டோம். எதுவும் இல்லை என்று வந்தது. பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த அமைதியில் போலிப் பக்கத்தில் ஒன்று செய்து பார்த்தேன். பாலிசி எண் கேட்கும் பெட்டி ஒன்று இருந்தது. என் மனதில் தோன்றிய ஒன்பது இலக்கங்களைத் தட்டினேன். மறுபடியும் 3,84,000 ரூபாய், அதே பச்சை எழுத்து. பெயர் இடம் மட்டும் காலி. எந்த எண்ணைப் போட்டாலும் அதே தொகை வரும்படி எழுதிய பக்கம். இது போலி என்று பெரியம்மாவை நம்ப வைத்தது UIN இல்லை, முகவரியும் இல்லை; இதுதான். ஆனால் இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருப்பதே நல்லது. அது ஏதாவது செயலியை, குறிப்பாக ஏபிகே கோப்பை, இறக்கச் சொன்னால் உடனே மூடிவிடுங்கள். அது போனுக்குள் உட்கார்ந்துகொண்டு ஓடிபியைப் படிக்கும்.

இப்போது அந்த 8,850 ரூபாய்க்கு வருகிறேன். கோப்புக் கட்டணம், விடுவிப்புக் கட்டணம், முன்வரி என்று எந்தப் பெயரில் கேட்டாலும், இழப்பீடோ முதிர்வுத் தொகையோ தருவதற்கு முன் நிறுவனம் நம்மிடம் பணம் வாங்காது. நம்மிடமிருந்து பிடிக்க வேண்டியது ஏதாவது இருந்தால், பாலிசி மேல் வாங்கிய கடன், அதன் வட்டி, வருமான வரிப் பிடித்தம் போன்றவை இருந்தால், தர வேண்டிய தொகையிலேயே கழித்துக்கொண்டு மீதியை வங்கிக் கணக்குக்கு அனுப்பும். கழித்துக்கொள்ள எங்கோ பணம் இருந்தால்தானே கழிக்க முடியும். இல்லாதவன்தான் முன்னால் கேட்கிறான். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கக்கூடக் கட்டணம் இல்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் அறிவிப்பதும் இல்லை. பாலிசி, போனஸ் என்று அந்தப் பெயரில் அழைப்பு வந்தாலே அது மோசடி.

நியாயமாகப் பணம் கட்ட வேண்டிய இடங்களும் உண்டு. காலாவதியான பாலிசியை, பாலிசிதாரர் உயிரோடு இருக்கும்போது, மீட்க நினைத்தால் நிலுவைத் தவணையையும் வட்டியையும் கட்டத்தான் வேண்டும். தொலைந்த பத்திரத்துக்கு நகல் கேட்டால் முத்திரைத்தாள் செலவும் சிறு கட்டணமும் வரலாம். இவற்றைக் கிளை அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கலாம். சாயங்காலத்துக்குள் என்று யாரும் கெடு வைப்பதில்லை.

ஜிஎஸ்டி வரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுப்பிப்புப் பக்கங்களில் இது கைகொடுக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கும் பிரீமியத்தின் மேல் ஜிஎஸ்டி கிடையாது. உங்கள் சொந்த மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லும் பக்கம் 18 சதவீதம் சேர்த்துக் கேட்டால், பழைய அச்சை வைத்துச் செய்த போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கூட்டர், கார் போன்ற சொந்த வண்டிகளின் காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே தொடர்கிறது. வேலை செய்யும் இடத்தில் எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கும் இந்த விலக்கு இல்லை.

"கட்டு" என்ற பொத்தானை அமுக்கினால் ஒரு க்யூஆர் குறி வந்தது. அதை என் போனில் ஸ்கேன் செய்து, பணம் அனுப்பாமல், பெயரை மட்டும் பெரியம்மாவுக்குக் காட்டினேன். ஏதோ ஒரு "டிரேடர்ஸ்". வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும் பெயரையே யுபிஐ செயலிகள் காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. 2025 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. முன்பெல்லாம் அனுப்புபவர் போனில் சேமித்து வைத்த பெயரோ, பெறுபவர் தானே வைத்துக்கொண்ட பெயரோ தெரியும். இப்போது ரகசிய எண்ணைத் தட்டுவதற்கு முன் வரும் அந்தத் திரையில் ஒரு மூச்சு நின்று படித்தால் பாதி மோசடிகள் அங்கேயே நின்றுவிடும். மீதிப் பாதி ஏன் நிற்காது என்றால், "இன்சூரன்ஸ் சர்வீசஸ்" என்று முடியும் பெயரில் நடப்புக் கணக்கு திறப்பவர்கள் இருக்கிறார்கள். அசல் நிறுவனமேகூடப் பணம் வாங்கித் தரும் இடைநிலை நிறுவனத்தின் பெயரில் வாங்குவதுண்டு. ஆகவே தனி ஆளின் பெயரோ கடைப் பெயரோ வந்தால் உடனே நிறுத்துங்கள். காப்பீட்டு நிறுவனம் மாதிரி பெயர் வந்தால் அதை மட்டும் நம்பிக் கட்டிவிடாதீர்கள்.

பிரீமியம் கட்ட நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் வழி வேறு. எந்த இணைப்பும் வேண்டாம். உங்கள் வங்கிச் செயலியிலோ யுபிஐ செயலியிலோ பில் கட்டும் பகுதிக்குப் போய், காப்பீடு என்ற பிரிவில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, பாலிசி எண்ணைக் கொடுங்கள். பில் கட்டுவதற்கான பொது அமைப்பான பாரத் கனெக்ட் வழியாக அந்த நிறுவனத்தின் கணினியிலிருந்தே உங்கள் பெயரும் கட்ட வேண்டிய தொகையும் வரும். நமக்கு யாரோ அனுப்பிய செய்தியில் 24,600 என்றிருந்து இங்கே 21,000 வந்தால், எது பொய் என்று தெரிந்துவிடும். எல்லா நிறுவனமும் எல்லா வகைப் பாலிசியும் அதில் இருக்காது. இல்லாவிட்டால் கையால் தட்டிய தளம், அல்லது கிளை அலுவலகம்.

பெரியம்மா வீட்டு வாசலில் செருப்பைப் போடும்போது பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். "அண்ணே, நீங்க இன்சூரன்ஸ்தான? நான் போன மாசம் ஸ்கூட்டருக்கு ஆன்லைன்ல போட்டேன். 499 ரூவாதான் ஆச்சு. சரியாப் பாத்துச் சொல்லுங்க." பணம் கட்டிய இணையப் பக்கத்திலிருந்து இறக்கிய பிடிஎஃப் கோப்பைக் காட்டினான். 110 சிசி வண்டி, ஒரு வருட மூன்றாம் தரப்புக் காப்பீடு.

கோப்பைத் திறக்கும் முன்பே விடை தெரிந்துவிட்டது. மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் அடிப்படைப் பிரீமியத்தை நிறுவனங்கள் நிர்ணயிப்பதில்லை. அரசு அறிவிக்கிறது, எல்லோருக்கும் ஒரே விலை. 2022 ஜூன் 1 முதல் 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 714 ரூபாய். நான் இதை எழுதும் நாளிலும் அதுதான். 18 சதவீதம் சேர்த்தால் 843. இதற்குக் குறைவாக நாட்டில் எந்த நிறுவனமும் விற்க முடியாது. முகவர் தன் கமிஷனைத் தள்ளுபடியாக விட்டுக்கொடுப்பதையும் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு தடை செய்கிறது. 499 என்றால் காப்பீடே இல்லை. வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியைச் சேர்த்து எடுக்கும் முழுக் காப்பீட்டில் இந்தக் கணக்கு செல்லாது. அந்தப் பகுதியில் நிறுவனங்கள் விருப்பப்படி விலை வைக்கலாம், நிஜமான தள்ளுபடியும் உண்டு.

"ஆனா இதுல க்யூஆர் இருக்குண்ணே, ஸ்கேன் பண்ணா என் வண்டி நம்பர் வருது" என்றான். ஸ்கேன் செய்தால் அவன் பணம் கட்டிய அதே தளத்துக்குத்தான் போனது. போலிச் சான்றிதழுக்குப் போலிப் பக்கமே சாட்சி சொல்கிறது. நிறுவனத்தின் அசல் தளத்தைத் திறந்து அந்தப் பாலிசி எண்ணைப் போட்டேன், அப்படி ஒரு பாலிசியே கிடையாது. அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீட்டு நிலை வரும். அதில் அவனுடைய பழைய பாலிசி முடிந்த தேதியே நின்றிருந்தது. புதுப் பாலிசி அதில் ஏற ஓரிரு நாள் தாமதமாகலாம், ஒரு மாதம் ஆகாது.

அவனுக்கு 499 ரூபாய் போனது பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒரு மாதத்தில் வண்டி யார்மீதாவது மோதியிருந்தால், நீதிமன்றம் விதிக்கும் இழப்பீட்டை முழுக்க அவனும் அவன் அப்பாவும்தான் கட்ட வேண்டியிருந்திருக்கும். பணம் நிறுவனத்தின் கைக்குப் போகாமல் காப்பீடு தொடங்குவதில்லை என்பது காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. ஏமாந்துதானே கட்டினேன் என்று சொல்லி நிறுவனத்தைப் பிடிக்க முடியாது. இதைச் சொன்னதும் சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அம்மாவிடம் கொடுத்தான்.

அன்றைக்கே இரண்டு புகார் பதிந்தோம். பையன் பணம் போன விஷயம் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் cybercrime.gov.in தளத்திலும். ஒரு மாதம் கழித்துச் சொன்னதால் திரும்பக் கிடைக்கும் என்று அவனுக்கு நான் நம்பிக்கை தரவில்லை. பணம் கைமாறிக்கொண்டே போகும் முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் கணக்கை முடக்க வழி இருக்கிறது. பெரியம்மாவுக்கு வந்த அழைப்பையும் இணைப்பையும் அதே தளத்தில் பதிந்து, அந்த நிறுவனத்தின் அசல் தளத்தில் இருந்த புகார் முகவரிக்கும் திரைப்பிடிப்போடு அனுப்பினேன். தன் பெயரில் போலி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் அவர்கள் அந்தத் தளத்தை முடக்கச் சொல்ல முடியும். உங்கள் அசல் பாலிசியில் நிறுவனத்தோடு தகராறு என்றால் அது வேறு கதை. அதற்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளம், bimabharosa.irdai.gov.in, அல்லது 155255.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த ஆள் மறுபடி கூப்பிட்டான். பெரியம்மாவே எடுத்தார். "அந்த எட்டாயிரத்து எண்ணூத்தம்பத அதுலயே கழிச்சுக்கிட்டு மிச்சத்த அனுப்புங்க" என்றார். அது விதிப்படி முடியாது என்று ஏதோ நீளமாகச் சொன்னான். பெரியம்மா போனை வைத்துவிட்டு, நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் irdai.gov.in என்று என்னை எழுதச் சொல்லி வாங்கி மஞ்சள் பையில் வைத்தார்.

பையனுக்கு அன்று இரவே 843 ரூபாய்க்கு அசல் பாலிசி போட்டோம். எம்பரிவாகனில் புதுத் தேதி ஏறும்வரை அவன் கல்லூரிக்குப் பஸ்ஸில்தான் போனான். அவசியமில்லை, பாலிசி ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் திரைப்பிடிப்பு ஒன்று அனுப்பினான்: வண்டி எண், நிறுவனத்தின் பெயர், அடுத்த வருடத் தேதி.